ஆவி எங்கிருந்து எழுகிறது?

உணவைப் படம் எடுப்பவர்களிடையே நெடுநாளாக ஒரு வாதம் இருக்கிறது. தட்டில் இருப்பதை அப்படியே எடுக்க வேண்டும், ஆவியோ உதிரியோ பக்கத்துப் பாத்திரமோ எதையும் நாமாகச் சேர்ப்பது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும் என்பது ஒரு தரப்பு. படம் என்பதே ஒரு புனைவு, அழகாக வந்தால் போதும் என்பது மற்றத் தரப்பு. இரண்டையும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். இரண்டிலும் மனம் நிலைகொள்ளவில்லை. ஒன்றுமே சேர்க்காமல் எடுத்த சோற்றுத் தட்டு, ஆறிப்போன சோறாகவே படத்தில் விழுகிறது. கண்டபடி சேர்த்து எடுத்ததோ யாருடைய வீட்டுச் சாப்பாடாகவும் தெரிவதில்லை. இந்த இழுபறியை எனக்குத் தீர்த்துவைத்தவர் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு மாமி. அவருக்குக் கமராவைப் பற்றி எதுவும் தெரியாது. பிட்டைப் பற்றி எல்லாம் தெரியும்.

அவருடைய கடைக்கு ஏற்கெனவே ஒருவர் வந்து படம் எடுத்துக் கொடுத்திருந்தார். குழல்பிட்டு, மீன்கறி, சொதி, வாழைப்பழம். பின்னணி கறுப்பு. பிட்டின் மேல் ஆவி நீளமாகச் சுருண்டு எழுந்தது. மேசையெங்கும் வெண்மையான மா தூவப்பட்டிருந்தது. தட்டைச் சுற்றிக் கறுவாப்பட்டையும் அன்னாசிப்பூவும் பரப்பியிருந்தன. கூர்மையான, வெளிச்சம் சரியான படம். மாமி அதைக் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டி, “பிட்டு நான் அவிச்சதுதான் மனே, ஆனா இது எங்கட பிட்டு இல்ல” என்றார். என்ன பிழை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் கையால் அவித்த பண்டத்தை ஒருவர் படத்தில் பார்த்து அடையாளம் காண மறுக்கிறார் என்றால், அதற்குக் காரணம் படத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து, பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தேன்.

ஆவியும் புகையும்

முதலில் கண்ணில் பட்டது ஆவியின் நிறம். கறுப்புப் பின்னணியில் அது மெல்லிய நீலமாக இருந்தது. ஒரே புள்ளியில் நூல்போலக் கிளம்பி, நேராக உயர்ந்து, மேலே போய் வளையங்களாகச் சுருண்டது. அது ஆவியன்று, ஊதுபத்திப் புகை. பிட்டுக்குப் பின்னால் ஒரு குச்சியைக் கொளுத்தி மறைத்து வைத்திருக்கிறார்கள். இது பலரும் செய்யும் வேலை. புகை எளிதில் கிடைக்கும், நெடுநேரம் நிற்கும். ஆனால் புகையும் ஆவியும் ஒளியை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. ஊதுபத்திப் புகையின் துகள்கள் ஒரு மைக்ரோனிலும் சிறியவை. அத்தனை சிறிய துகள்கள் நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கும். நாம் ஆவி என்று காண்பதோ உண்மையில் நீர்த்துளிகள். நீராவிக்கு நிறமே இல்லை. அது கண்ணுக்குத் தெரியாது. சூடான ஈரக்காற்று வெளியே வந்து குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது, அதிலுள்ள நீர் நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது, அந்தத் துளிகள்தான் நமக்கு வெண்மையாகத் தெரிகின்றன. அவை புகைத்துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கின்றன.

எழும் விதமும் வேறு. ஆவி ஒரு புள்ளியில் தொடங்குவதில்லை, சூடான பரப்பு முழுவதிலிருந்தும் அகலமாக எழும். சற்று உயர்ந்ததும் துளிகள் காற்றில் கரைந்து காணாமல் போய்விடும். புகை கரையாது, கலைந்து பரவ மட்டுமே செய்யும். ஆகவே படத்தின் மேல் விளிம்புவரை தொடர்ந்து செல்லும் நீலநூல் ஒன்றைக் கண்டால் சமையலறையில் நின்றவரின் கண் அதை உடனே நிராகரிக்கிறது. மாமியால் சொல்ல முடியாமல் போனது இதைத்தான் என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுவதும் விடியற்காலையில் பிட்டுக்குழலைத் தள்ளியவருக்கு, அதிலிருந்து ஆவி எப்படி வரும் என்பது கண்ணுக்கும் கைக்கும் பழகிய விடயம்.

இன்னொன்றும் இருந்தது. மீன்கறிச் சட்டியின் மேலும் அதே அளவு ஆவி எழுந்தது. எங்கள் பக்கத்து மீன்கறி தேங்காய்ப்பாலில் வற்றி, மேலே எண்ணெய் திரண்டு நிற்கும். அந்த எண்ணெய்ப் படலம் அடியிலுள்ள நீர் ஆவியாவதைத் தடுக்கும். எண்ணெய் மிதக்கும் கறி எவ்வளவு சூடாக இருந்தாலும் கலக்கும்வரை அதிலிருந்து பெரிதாக ஆவி வராது. தண்ணீராக இருக்கும் சொதியிலிருந்துதான் நன்றாக வரும். அந்தப் படத்தில் கறி ஆவி விட்டது, சொதி சும்மா இருந்தது. தயிருக்கும் சம்பலுக்கும்கூட ஆவி ஏற்றிய படங்களை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். எது சூடு, எது ஆறியது, எது ஆவி விடும் என்பதை முடிவுசெய்த பிறகே ஆவியைச் சேர்க்க வேண்டும். அழகுக்கு எங்கே பொருந்தும் என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

உடையாமல் உதிராது

மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கு நாட்டுப் பாண் படங்களில் கறுத்த மரப்பலகை மேல் மா தூவியிருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பலகையில்தான் மாவைப் பிசைகிறார்கள், ஒட்டாமல் இருக்க மா தூவுகிறார்கள், வெந்து வந்த பாணையும் சிலவேளை அதிலேயே வைக்கிறார்கள். பிட்டுக்கு மா குழைப்பது பாத்திரத்துக்குள். சாப்பிடும் இடத்துக்கு உலர்ந்த மா வருவதே இல்லை. ஆகவே பிட்டைச் சுற்றிக் கிடக்கும் வெண்மா எங்கிருந்து வந்தது என்று கண் கேட்கிறது. படத்தில் அதற்குப் பதில் இல்லை. கறுவாப்பட்டையும் அன்னாசிப்பூவும் இதே வகைதான். அவை பிட்டுக்குள்ளும் இல்லை, அந்த மேசையில் யாரும் அவற்றைத் தேடவும் மாட்டார்கள்.

நான் இதையெல்லாம் மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பாதியில் குறுக்கிட்டார். படத்திலிருந்த பிட்டைச் சுட்டிக்காட்டி, “முழுசா நிக்குதே மனே. உடையாம எப்பிடி உதிரும்?” என்றார். உண்மைதான். குழலிலிருந்து தள்ளிய பிட்டு ஒரு கீறலும் இல்லாமல் தூண்போலக் கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் துகள்கள் இறைந்து கிடந்தன. அவர் உள்ளே போய் அப்போது அவிந்திருந்த குழலை எடுத்து இலையில் தள்ளினார். சற்று ஆவி வந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு விரல்களால் நடுவே உடைத்தார். உடைந்த வாயிலிருந்து ஆவி குபீரென்று எழுந்தது. அதே நொடியில் அரிசிமாக் குறுணிகளும் தேங்காய்ப்பூவும் இலையில் சிதறின.

என் வாதத்துக்கு முடிவு அங்கேதான் வந்தது. ஆவியும் உதிரியும் இருவேறு அலங்காரங்கள் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். அவை ஒரே செயலின் இரண்டு விளைவுகள். பிட்டின் வெளிப்புறம் விரைவில் ஆறிவிடும், உள்ளே சூடும் ஈரமும் அடைபட்டிருக்கும். உடைக்கும் கணத்தில் அந்த ஈரச்சூடு ஒரேயடியாக வெளிப்படுகிறது, பிடிப்பு விட்ட குறுணிகள் விழுகின்றன. உடைந்த இடம், அங்கிருந்து எழும் ஆவி, அதன் அடியில் கிடக்கும் உதிரி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அப்படியானால் ஆவியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது என் கேள்வியாக இருக்க முடியாது. சேர்ப்பதற்கு அந்தக் காட்சிக்குள்ளே ஒரு காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி. காரணம் இருந்தால், அந்த ஆவியை நான் கொதிநீரில் நனைத்த பஞ்சிலிருந்து வரவழைத்தாலும் அது பிட்டின் ஆவிதான்.

மார்கழிக் காலையில்

மாமிக்காகப் புதிய படம் எடுப்பதை மாரிகாலத்துக்குத் தள்ளிவைத்தேன். அதற்கு வானிலை சார்ந்த காரணம் இருந்தது. துளிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்க வேண்டும். தோன்றிய துளிகள் நிலைக்க வேண்டுமானால் அந்தக் காற்றில் ஈரமும் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டும் இராது. வெப்பமும் வறட்சியுமான அந்தக் காற்றில் கொதிக்கும் சொதியின் ஆவிகூடச் சட்டி விளிம்பைத் தாண்டாது. வாடைக்காற்றுக் காலத்து விடியலில் அதே சொதி தாராளமாக ஆவி விடும். கச்சான் காலத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் சூரியன் ஏறுமுன் எடுக்க வேண்டும், அல்லது அறையைக் குளிரூட்டிவிட்டு எடுக்கும்போது கருவியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் அதன் காற்றே ஆவியைக் கலைத்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில் ஆவிப் படம் இல்லை.

கடையின் பின்னறையில் கிழக்குப் பார்த்த ஒரு யன்னல் இருந்தது. கமராவுக்கு நேர் எதிரே, சற்று இடப்பக்கமாக அந்த யன்னல் அமையும்படி சிறிய மேசையைப் போட்டேன். தட்டை மணிக்கூட்டின் நடு என்று வைத்தால், கமரா ஆறிலும் யன்னல் பதினொன்றிலும் நின்றன. நீர்த்துளிகள் தம்மீது படும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். ஆகவே ஒளி ஆவியின் பின்னாலிருந்து கமராவை நோக்கி வந்தால்தான் ஆவி ஒளிரும். கமராவின் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால், எவ்வளவு ஆவி எழுந்தாலும் படத்தில் வராது. ஆவி எழும் இடத்துக்கு நேர் பின்னே ஏதாவது இருண்ட பரப்பும் வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஆவி தெரியாது. அந்த அறையின் பழைய மரக்கதவே போதுமான இருட்டாக இருந்தது. பின்னொளியில் பிட்டின் முன்பக்கம் இருண்டுபோகும் என்பதால், கமராவுக்கு அருகே ஒரு வெள்ளை ரெஜிபோம் துண்டை நிறுத்தி ஒளியைத் திருப்பிவிட்டேன்.

முதலில் வைத்தது அன்று காலை விற்றுப்போகாமல் ஆறிக் கிடந்த ஒரு பிட்டு. ஒத்திகைத் தட்டு என்று அதைச் சொல்லுவேன். சட்டகம், குவியம், ஒளி எல்லாவற்றையும் அதை வைத்தே சரிசெய்து, குவியத்தைக் கையால் பூட்டிவிட வேண்டும். கமராவின் தானியங்கிக் குவியம் ஆவியைக் கண்டால் தடுமாறும். ஷட்டர் வேகம் 1/125 இலிருந்து 1/250 வரை ஆவிக்குப் பொருந்துகிறது. 1/15 க்கு இறங்கினால் ஆவி பஞ்சுப் படலமாக மங்கிவிடுகிறது; மிக விரைவாக எடுத்தால் துண்டு துண்டாக உறைந்து, பார்க்க அழுக்குக் கறைபோல இருக்கிறது. எல்லாம் தயாரான பிறகே மாமியிடம் புதிய குழலைக் கேட்டேன். அவர் தள்ளினார், உடைத்தார், கையை எடுத்தார். நான் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே போனேன். நல்ல ஆவி ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது.

ஆவி அடங்கிய பிறகும் சில வேலைகள் மீதமிருந்தன, ஏனென்றால் உதிரிகளை ஒழுங்குபடுத்தி இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் பஞ்சு. கொதிநீரில் முக்கி, ஒழுகாத அளவுக்கு இடுக்கியால் பிழிந்த ஒரு சிறு பஞ்சுருண்டையை, உடைந்த பிட்டின் வாய்க்கு நேர் பின்னே, கமராவுக்குத் தெரியாதபடி வைத்தேன். அது வைக்கப்படும் உயரம் முக்கியம். உடைந்த பரப்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், ஆவி பிட்டின் உள்ளிருந்து எழுவதாகவே தெரியும். மேசை மட்டத்தில் தள்ளி வைத்தால் பிட்டுக்கும் ஆவிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளி படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கேத்தலைக் கொதிக்கவைத்துத் தட்டின் பின்னால் நிறுத்துபவர்களும் உண்டு. அதன் மூக்கிலிருந்து ஆவி பீறிட்டு வரும், பிட்டு அப்படி விடாது என்பதால் நான் அதை விரும்புவதில்லை. ஆவியைத் தனியே கறுப்புப் பின்னணியில் எடுத்து, பிறகு கணினியில் Screen முறையில் படத்தின் மேல் படியவைக்கவும் முடியும். கறுப்பு மறைந்து வெண்மை மட்டும் நிற்கும். செய்தால், தட்டின் மேல் எந்தத் திசையிலிருந்து ஒளி விழுந்ததோ அதே திசையிலிருந்து அந்த ஆவியின் மேலும் விழுந்திருக்க வேண்டும்.

உதிரிகளில் நான் கற்றது, கை படாத சிதறலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது. பெரிய கட்டிகள் உடைந்த வாயின் அருகிலேயே கிடக்கும், தூரம் போகப் போகக் குறுணி சிறுத்துவிடும். வலக்கையால் தம்பக்கம் இழுத்து உடைப்பதால் சிதறல் சாப்பிடுபவரின் பக்கமே அதிகமாக இருக்கும். மறுபுறம் ஏறத்தாழச் சுத்தமாகவே இருக்கும். தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் சமமாகத் தூவிய துகள்கள் உடனே செயற்கையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே நான் தூவுவதில்லை. மாமி உடைத்தபோது விழுந்ததை அப்படியே விட்டு, கண்ணை உறுத்திய சிலவற்றை ஈரத் தூரிகையால் எடுத்தேன், வெறுமையாகத் தெரிந்த ஓரிடத்தில் அதே பிட்டிலிருந்து கிள்ளி, இலைக்கு மிக அருகிலிருந்து விட்டேன். உயரத்திலிருந்து விட்டால் அகலமாகப் பரவிவிடும். குறுணிகள் உலரத் தொடங்கினால் சிவப்பரிசி மா வெளிறிப்போகும், தேங்காய்ப்பூ மினுக்கம் இழந்து சுருளும். அப்போது தூரிகை நுனியில் சிறிது தேங்காய்ப்பால் தொட்டுப் பூசலாம். கொஞ்சம் கூடினாலும் குறுணிகள் ஒட்டிக் களியாகிவிடும். பிட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

பக்கத்துப் பொருட்களை மாமியிடமே கேட்டேன். காலையில் இந்தப் பிட்டைச் சாப்பிடுபவர் முன்னால் வேறு என்னென்ன இருக்கும்? சொதி, சம்பல், ஒரு கதலிப்பழம், தண்ணீர்ச் செம்பு. சில நாட்களில் தயிர்ச்சட்டி. அவ்வளவுதான் வைத்தேன். செம்பு பளபளவென்று துலக்கப்பட்டிருந்ததால் யன்னலும் கமராவும் நானும் அதில் தெரிந்தோம். அதன் திசையைச் சற்றுத் திருப்ப வேண்டியிருந்தது. விரிப்பாக மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தேன். மிக அழகான துணி, ஆனால் அதன் கரையின் நிறம் சிவப்பரிசிப் பிட்டை மங்கச் செய்தது. அதை எடுத்துவிட்டுப் பன்பாயின் ஓரத்தை மட்டும் வைத்தேன். அதன் வெளிறிய நிறம் வாழையிலையையும் பிட்டையும் முன்னே தள்ளியது. இலையைப் பற்றி ஒரு குறிப்பு. தலைவாழையிலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது நம்மவர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமைப்புக்காகப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. திருப்பினால் நுனி வலப்பக்கம் போய்விடும், உடைக்கும் கை இடக்கையாகிவிடும். மாமியின் பழைய படத்தில் இலை நுனி வலப்பக்கம்தான் இருந்தது.

எங்கே ஏமாற்று தொடங்குகிறது

காட்சிக்குள் காரணம் இருந்தால் சேர்க்கலாம் என்று முடிவுசெய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. விளம்பரத்தில் இது எதுவரை செல்லும்? இதற்கு அமெரிக்காவில் இரண்டு பழைய வழக்குகள் உதவுகின்றன. சவரக் களிம்பு ஒன்றின் விளம்பரத்தில், களிம்பைத் தடவி உப்புத்தாளையே மழித்துக் காட்டினார்கள். உண்மையில் அது உப்புத்தாளன்று, மணல் ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணாடி. 1965 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏமாற்று என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஒளிவிளக்குகளின் சூட்டில் உருகாமல் இருப்பதற்காக ஐஸ்கிறீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கைக் காட்சியில் வைப்பது வேறு விடயம் என்றும் பிரித்துச் சொன்னது. அந்தக் கிழங்கு பொருளின் தரத்துக்குச் சான்றாகக் காட்டப்படவில்லை. மழிக்கப்பட்ட அந்தத் தாள் சான்றாகக் காட்டப்பட்டது. மற்றது கெம்பல்ஸ் சூப் விடயம். கோப்பையின் அடியில் கண்ணாடிக் கோலிகளை இட்டு, மரக்கறித் துண்டுகள் மேலே திரண்டு நிற்கும்படி படம் எடுத்திருந்தார்கள். வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1970 இல் அது ஓர் இணக்க உத்தரவோடு முடிந்தது. சூப்பில் உள்ளதைவிட அதிக மரக்கறி இருப்பதாக வாங்குபவர் நம்பிவிடுவார் என்பதே அங்கே குறை.

இதை மாமியின் கடைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். பஞ்சின் ஆவி, அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு உண்மையிலேயே கிடைக்கும் சூட்டைக் காட்டுகிறது. அது ஒன்றைக் கூட்டிச் சொல்லவில்லை. இலைக்கு அடியில் வேறொரு இலையை மடித்து வைத்துப் பிட்டை உயர்த்தியிருந்தால் அது கோலியின் வேலை. தேங்காய்ப்பூவை மேலே கூடுதலாக வைத்திருந்தாலும் அப்படியே. எவ்வளவு தேங்காய் என்பதுதான் பிட்டு வாங்குபவர் கண்ணால் முதலில் அளப்பது. மீன்கறியில் துண்டுகளை மேலே தெரியவைக்க நான் சட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தேன், ஆனால் துண்டுகள் ஒரு பரிமாறலுக்கு உரியவை மட்டும்தான். அதை மாமியே அகப்பையால் இட்டார்.

கடையில் பார்சலும் கொடுக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போது பிட்டு வெதுவெதுப்பாக இருக்கலாம், ஆவி பறக்காது. கட்டும்போதே ஆவி உள்ளே படிந்து குறுணிகள் சற்று ஒட்டியும் இருக்கும். ஆகவே பார்சல் பட்டியலுக்கென்று இரண்டாவது படம் ஒன்றை எடுத்தேன். பஞ்சு இல்லை, பின்னொளி இல்லை, செம்பு இல்லை. இலையில் கட்டிய பிட்டைப் பிரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், சொதிப் பையோடும் சம்பல் பொட்டலத்தோடும் வைத்த படம். மாமியின் மகள் இரண்டையும் அச்சடித்து ஒட்டியிருக்கிறாள்: ஆவி உள்ளது மேசைகளுக்கு மேலே, ஆவி இல்லாதது காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் பார்சல் விலைப் பட்டியலோடு.